மைக்ரோகன்ட்ரோலரில் ஃபில்டர்: மிச்சத்தைக் கொட்டாமல் எழுதுவது எப்படி?

கணினியில் அழகாக ஓடிய ஃபில்டர், சிறிய மைக்ரோகன்ட்ரோலரில் ஏற்றியதும் ஒரு சமயம் பாதியில் உறைந்துவிடும், ஒரு சமயம் உள்ளீடு இருந்தும் பூஜ்யத்தையே காட்டும். பெரும்பாலும் தவறு ஃபில்டரின் வடிவமைப்பில் இருக்காது. தசம எண்ணை முழு எண்ணாக்கும் இடத்தில்தான் இருக்கும். ஒரே ஒரு ஃபில்டரை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்ப்போம்.

எடை உணரி ஒன்றின் சிக்னலில் 50 ஹெர்ட்ஸ் மின்இரைச்சல் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில்லு, கார்ட்டெக்ஸ் எம்0 வகை. தசமக் கணக்குக்கென்று தனி வன்பொருள் அதில் கிடையாது. ஏடிசி 12 பிட், அதாவது 0 முதல் 4095 வரை எண் தரும். நொடிக்கு 1000 மாதிரி எடுக்கிறோம். 10 ஹெர்ட்ஸ் வெட்டு அதிர்வெண் கொண்ட இரண்டாம் படி பட்டர்வொர்த் லோ பாஸ் ஃபில்டர் போதும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

முதலில் பைத்தானில் கெழுக்களை எடுங்கள்.

```python
from scipy.signal import butter
b, a = butter(2, 10, fs=1000)
# b: 0.00094469  0.00188938  0.00094469
# a: 1  -1.91119707  0.91497583
```

இவற்றை 16 பிட் முழு எண்ணாக்க வேண்டும். 32768-ஆல் பெருக்கினால் -1 முதல் 1 வரை உள்ள எண்கள்தான் அடங்கும். நம்மிடம் -1.911 இருக்கிறது. ஆகவே 16384-ஆல், அதாவது 2-இன் 14-ஆம் அடுக்கால் பெருக்குகிறோம். இப்போது -2 முதல் 2-க்குச் சற்றுக் குறைவு வரை இடம் கிடைக்கும். `a1` -31313 ஆகிறது, `a2` 14991 ஆகிறது. இரண்டிலும் முழுமையாக்கியதால் வந்த பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல.

`b` பக்கம் அப்படி இல்லை. அங்கே கிடைப்பவை 15.48, 30.96, 15.48. கண்ணை மூடிக்கொண்டு முழுமையாக்கினால் 15, 31, 15, கூட்டினால் 61. மறுபக்கம் 16384 - 31313 + 14991 = 62. மாறாத உள்ளீட்டுக்கு ஃபில்டர் தரும் பெருக்கம் இந்த இரண்டு கூட்டுத்தொகைகளின் விகிதம்தான். அது ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் 61/62 இருந்தால், உள்ளே 3000 போனால் வெளியே 2952 வரும். எடை பார்க்கும் கருவியில் இது பெரிய பிழை. நடு எண்ணை 32 ஆக்கிவிடுங்கள்; 15, 32, 15 கூட்டினால் 62. விகிதம் சரியாகிவிடும், 50 ஹெர்ட்ஸ் தணிப்பிலும் வித்தியாசம் தெரியாது. எந்த ஃபில்டராக இருந்தாலும் முழுமையாக்கிய கையோடு இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். காகிதத்தில் ஒரு நிமிட வேலை.

அடுத்தது உண்மையான பொறி. பெருக்கிக் கூட்டிய விடையை 14 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் வெளியீடு கிடைக்கும் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அப்படி எழுதிவிட்டு, ஃபில்டர் பூஜ்யத்தில் இருக்கும்போது 200 என்ற மாறாத உள்ளீட்டைக் கொடுங்கள். 200 × 62 = 12,400. இது 16,384-ஐ விடக் குறைவு. 14 பிட் நகர்த்தினால் 0. பழைய வெளியீடுகளும் 0 என்பதால் அடுத்த சுற்றிலும் அதே 12,400, அதே 0. எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் 0தான். 264 வரைக்கும் இதே கதி. பெரிய உள்ளீட்டிலும் வெளியீடு உண்மை மதிப்புக்கு 264 எண் வரை கீழேயே நின்றுவிடலாம். ஏறி வரும்போது ஒரு எண்ணிலும் இறங்கி வரும்போது வேறோர் எண்ணிலும் நிற்கிறதா? அப்படியானால் நோய் இதுதான் என்று அறியலாம்.

நகர்த்துவதற்கு முன் 8192-ஐக் கூட்டி முழுமையாக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. பிழை இரு பக்கமும் 132 எண்ணாகப் பிரிந்து நிற்கும், அவ்வளவுதான்.

சரியான வழி, நகர்த்தும்போது உதிரும் 14 பிட்டைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்து, அடுத்த சுற்றின் கணக்கில் சேர்ப்பது. மளிகைக் கடைக்காரர் சில்லறை பாக்கியை அடுத்த பில்லில் கழிப்பது போல.

```c
#include <stdint.h>
static int16_t x1, x2, y1, y2;
static int32_t frac;

int16_t filt(int16_t x)
{
    int32_t acc = frac;
    acc += (int32_t)15*x + (int32_t)32*x1 + (int32_t)15*x2;
    acc += (int32_t)31313*y1 - (int32_t)14991*y2;
    int16_t y = (int16_t)(acc >> 14);
    frac = acc & 0x3FFF;
    x2 = x1;  x1 = x;
    y2 = y1;  y1 = y;
    return y;
}
```

அதே 200-ஐ இதற்குக் கொடுங்கள். முதல் மாதிரியில் மிச்சம் 3,000. இரண்டாவதில் 12,400. மூன்றாவதில் கூட்டுத்தொகை 24,800 ஆகி, வெளியீடு 1 வந்துவிடும்; மிச்சம் 8,416. அங்கிருந்து ஏறிக்கொண்டே போய் 200-ஐ ஒட்டி வந்து நிற்கும். ஓரிரு எண் ஆடலாம், சராசரி 200. வழியில் 209 வரை போய்த் திரும்புவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டாம் படி பட்டர்வொர்த்தின் இயல்பே சுமார் 4 சதவீதம் தாண்டிவிட்டுத் திரும்புவது. துல்லியம் கூடட்டும் என்று உள்ளீட்டை 8 மடங்காக்கி அனுப்புபவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். 4095 × 8 = 32,760 என்பது 16 பிட்டில் அடங்கும், ஆனால் அந்த 4 சதவீதம் சேர்ந்தால் 32,767-ஐத் தாண்டி வெளியீடு திடீரென்று எதிர்மறைக்குப் புரளும். 4 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பெருக்கலிலும் `(int32_t)` எதற்கு என்று கேட்கலாம். கணினியிலும் கார்ட்டெக்ஸிலும் `int` 32 பிட், அது இல்லாமலும் ஓடும். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏவிஆர் சில்லில் `int` 16 பிட்தான். `int16_t` மாறி இரண்டைப் பெருக்கினால் விடையும் 16 பிட்டில் வெட்டுப்படும். கம்பைலர் வாய் திறக்காமலே போகலாம், ஃபில்டர் மட்டும் உளறும். இன்னொன்று: இங்கே `a` கெழுக்களைக் கழிக்கிறோம், அதனால்தான் -31313 கூட்டலாக மாறியிருக்கிறது. ஏஆர்எம்மின் சிஎம்எஸ்ஐஎஸ் நூலகம் அவற்றைக் கூட்டும். அதற்கு மாறும்போது `a1`, `a2` இரண்டின் குறியையும் மாற்றித் தர வேண்டும்; மறந்தால் வெளியீடு சில மாதிரிகளிலேயே வெடித்துவிடும்.

பலகையில் ஏற்றும் முன் இதே சி கோப்பைக் கணினியில் கம்பைல் செய்து, 0-இலிருந்து 200-க்குத் தாவும் உள்ளீட்டைக் கொடுத்து, பைத்தானின் தசம விடையோடு ஒப்பிடுங்கள். பலகையில் அதே உள்ளீட்டை ஏடிசியிலிருந்து எடுக்காமல் கோடிலேயே எழுதி, விடைகளை சீரியலில் அனுப்பிப் பாருங்கள். கணினியின் சி விடையோடு ஓர் எண்கூட மாறக் கூடாது. மாறினால் மேலே சொன்ன 16 பிட் வெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அது ஒத்துப்போன பிறகே ஏடிசியை இணையுங்கள். மாதிரி எடுப்பது டைமர் இன்டரப்டில் நடக்கட்டும். `delay` வைத்து ஓட்டினால் கணக்குக்கு ஆகும் நேரமும் சேர்ந்து, நொடிக்கு 1000 என்பது 900 ஆகலாம், வெட்டு அதிர்வெண்ணும் 9 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இன்டரப்டில் ஒரு பின்னை மாற்றி மாற்றி அடித்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், 500 ஹெர்ட்ஸ் சதுர அலை தெரிய வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அதே 1000 மாதிரிக்கு 1 ஹெர்ட்ஸ் வெட்டு வேண்டுமென்றால், 16384-ஆல் பெருக்கிய `b0` 0.16 ஆகி, முழுமையாக்கும்போது பூஜ்யமாகிவிடும். ஃபில்டரே இல்லாமல் போகும். 32 பிட் கெழுவுக்கு ஓட வேண்டியதில்லை. பத்துப் பத்து மாதிரியாகச் சராசரி எடுத்து, நொடிக்கு 100 எண் மட்டும் ஃபில்டருக்குக் கொடுங்கள். 100-க்கு 1 என்பதும் 1000-க்கு 10 என்பதும் ஒரே விகிதம். மேலே உள்ள கோடில் ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டாம்.