ஜூன் மாதப் பணம் மார்ச்சில் வந்தால்

1. பள்ளிக்கூடக் கணக்கில் உட்காரப் போகிறாய், கண்ணு. மார்ச் கடைசியில் கல்லா நிறையும். அடுத்த பருவத்துக்கான கட்டணத்தைப் பெற்றோர் முன்கூட்டியே கட்டுவார்கள். பணம் வந்துவிட்டது, வருமானம் இன்னும் வரவில்லை. பாடம் நடத்தும் வரை அது நாம் அவர்களுக்குப் பட்ட கடன். ஆகவே ரசீது போடும்போதே எந்த ஆண்டு, எந்தப் பருவம் என்று எழுது. டாலியில் வருமானத்தில் சேர்க்காமல், Current Liabilities குழுவின் கீழ் ‘முன்பணக் கட்டணம்’ என்று தனிப் பேரேடு திற.

2. ஒரு கணக்கைப் பார். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ரூ.12,000, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவத்துக்கு. மார்ச் 31 அன்று ரூ.4,80,000 முழுவதும் பொறுப்புப் பக்கத்தில் நிற்கும். மே மாதம் ஒரு பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகிறது, கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம். பேரேட்டில் பற்று எழுதினால் போதும், அது செலவாகாது. மீதி ரூ.4,68,000. ஜூன் கடைசியில் நான்கில் ஒரு பங்கு, ரூ.1,17,000, முன்பணத்தில் பற்று, கட்டண வருமானத்தில் வரவு. மாதாமாதம் இப்படியே எழுதினால் செப்டம்பர் 30 அன்று பேரேடு சுழியாகிவிடும். சுழியாகவில்லையா? வகுப்புவாரிப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிடு. ஏதோ ஒரு பிள்ளை கணக்கில் இருந்து வகுப்பில் இல்லை, அல்லது வகுப்பில் இருந்து கணக்கில் இல்லை.

3. சோதனை மார்ச்சில்தான் வரும். வங்கிக் கடன் கேட்கும் தாளாளர், “உபரி கொஞ்சம் கூடுதலாகத் தெரியட்டுமே” என்பார். நான் பார்த்த ஒரு பள்ளியில் முன்பணத்தை வருமானமாக எழுதி அப்படியே செய்தார்கள். அந்த ஆண்டு உபரி அழகாக இருந்தது. மறு ஆண்டோ, பாடம் நடத்திய செலவு இருந்தது, அதற்கான வருமானம் போன ஆண்டிலேயே எழுதித் தீர்ந்திருந்தது. நஷ்டம் எப்படி வந்ததென்று அறங்காவலர்கள் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. ஆகவே தாளாளர் அப்படிக் கேட்டால், குரலை உயர்த்தாமல் பெயர்ப் பட்டியலை அவர் முன் வை. “இத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் நாம் பாடம் நடத்தவில்லை, ஐயா” என்று சொல். அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

4. பொறுப்பு என்று எழுதிவிட்டதாலேயே பணம் பெட்டியில் பத்திரமாக இருக்காது. கோடையில் சுவருக்கு வண்ணம் பூச அது போய்விட்டால், ஜூலைச் சம்பளத்துக்குக் கை ஏந்த வேண்டும். முடிந்தால் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்லிப் பார். காப்புத்தொகையை இதோடு கலக்காதே. அது திருப்பித் தரவேண்டிய பணம், எத்தனை பருவம் போனாலும் வருமானமாகாது.

5. சில அறக்கட்டளைகள் ரொக்க அடிப்படையில் கணக்கு வைக்கும். அங்கே பணம் வந்த நாளிலேயே வருமானம் என்று எழுதிவிடுவார்கள், இந்தப் பேரேடே இருக்காது. நீ சேரும் இடத்தில் எது வழக்கம் என்று முதல் வாரத்திலேயே தணிக்கையாளரிடம் கேள். ரொக்க அடிப்படை என்றாலும் பெயர்ப் பட்டியலை மட்டும் விடாமல் வைத்திரு. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுப் பெற்றோர் வரும் நாளில் உனக்கு அதுதான் கைகொடுக்கும்.