ராஜினாமா கடிதத்துல ஒரு தேதி, 6.6 லட்சம் ரூபாய் வரி: வெளிநாட்டு வேலையை விட்டு அப்பா அம்மாவுக்காகத் திரும்புறவங்க கவனிக்க வேண்டியது



தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும், பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா மட்டும் வீட்டில் என்று ரெண்டு மூணு வீடாவது இருக்கும். ஒருநாள் அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுவார். அன்னிக்கு ராத்திரியே துபாய்ல உட்கார்ந்து பையன் ராஜினாமா கடிதம் டைப் பண்ணுவான். அந்த முடிவு சரியா தப்பா என்பது உங்க குடும்ப விஷயம். நான் பேசப்போறது அந்தக் கடிதத்தில் "என் கடைசி வேலை நாள்" என்று எழுதுற தேதியைப் பற்றி மட்டும்.

ஒரு உதாரணத்தை வச்சே பார்ப்போம். நம்ம இன்ஜினியர் சேலையூர்க்காரர். 2021 அக்டோபர் 10 அன்று துபாய்க்கு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 15,000 திர்ஹாம், அதில் பேஸிக் 9,000. 2025 நவம்பர் 24 அன்று ராஜினாமா கொடுத்தார். 60 நாள் நோட்டீஸ் முடிஞ்சு கடைசி வேலை நாள் 2026 ஜனவரி 23. சாமானெல்லாம் கட்டி ஜனவரி 27 அன்று சென்னையில் இறங்கலாம் என்று பிளான்.

இப்போ வரிக் கணக்கு. ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தா நீங்க ரெசிடென்ட். இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத இரண்டாவது விதி ஒண்ணு இருக்கு. அந்த வருஷம் 60 நாள் இருந்து, அதுக்கு முந்தைய 4 வருஷத்தில் மொத்தம் 365 நாள் இருந்திருந்தாலும் ரெசிடென்ட்தான்.

"எனக்கு 60 இல்ல சார், 182தான்னு நண்பர் சொன்னாரே?" என்று கேட்பீங்க. அந்தச் சலுகை வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே விசிட் வர்றவங்களுக்கு. அதுவும் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினா 120 நாளாகக் குறையும். வேலையை விட்டு நிரந்தரமா திரும்புறது விசிட் ஆகாது. "பெற்றோரைக் கவனிக்க நிரந்தரமாகத் தாயகம் திரும்புகிறேன்" என்று நீங்களே எழுதின கடிதம்தான் அதுக்கு முதல் சாட்சி.

அவருடைய பாஸ்போர்ட் முத்திரைகளை வரிசையா எண்ணுவோம். 2021-22இல் கிளம்புற வரைக்கும் 193 நாள். 2022-23இல் லீவுக்கு வந்தது 45 நாள். 2023-24இல் அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன், 60 நாள். 2024-25இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, 75 நாள். மொத்தம் 373. ஆக 365 தாண்டிடுச்சு. இங்கே ஒன்றைக் கவனிங்க. பெற்றோருக்காக அடிக்கடி வந்துபோன பிள்ளைதான் இந்த விதியில் சுலபமா மாட்டுவார்.

2025-26இல் அவர் லீவே எடுக்கலை. ஜனவரி 27இல் இறங்கினா ஜனவரியில் 5, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, மொத்தம் 64 நாள். 60 தாண்டியாச்சு, ரெசிடென்ட்.

ரெசிடென்ட் ஆனாலும் சிலருக்கு இடைநிலை ஒன்று கிடைக்கும், அதுக்கு ஆர்.என்.ஓ.ஆர். என்று பெயர். அந்த நிலையில் வெளிநாட்டில் சம்பாதிச்சு வெளிநாட்டிலேயே வாங்கின சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் நான்-ரெசிடென்டா இருந்திருக்கணும், அல்லது முந்தைய 7 வருஷத்தில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்கு மிகாம இருக்கணும். பத்துப் பன்னிரண்டு வருஷம் வெளியே இருந்தவங்க பெரும்பாலும் இதில் தப்பிச்சுடுவாங்க. நம்மாளு போய் நாலு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் முழுக்க இங்கேயே இருந்ததால, அதுவே ஆயிரம் நாளைத் தாண்டுது. அதனால இந்த நிலையும் கிடைக்காது.

விளைவு? ஏப்ரல் முதல் துபாயில் வாங்கின சுமார் 10 மாதச் சம்பளம், 1,50,000 திர்ஹாம், இந்தியக் கணக்குக்குள் வந்துடும். திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வச்சா 36 லட்சம். புதிய வரி முறையில் 75,000 நிலையான கழிவு போக, செஸ் சேர்த்து வரி 6.63 லட்சம். துபாயில் சம்பளத்துக்கு வரி கட்டலை என்பதால் இங்கே கழிச்சுக்கவும் ஒண்ணும் இல்லை. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் காட்டி வாதாட வழி இருக்கு. ஆனா அது நோட்டீஸ், பதில், மேல்முறையீடு என்று போற வழி.

இதோட அவருடைய கிராஜுவிட்டியை ஒப்பிட்டுப் பாருங்க. அமீரகச் சட்டப்படி முதல் 5 வருஷம் வரை வருஷத்துக்கு 21 நாள் பேஸிக். ஒரு நாளுக்கு 300 திர்ஹாம், வருஷத்துக்கு 6,300. நாலே கால் வருஷத்துக்குச் சுமார் 27,000 திர்ஹாம், அதாவது ஏறக்குறைய 6.5 லட்சம் ரூபாய். அப்பாவோட பிசியோதெரபிக்கும் வீட்டில் ஆள் வைக்கவும் நினைச்சிருந்த அந்தப் பணம் முழுக்க வரிக்கே சரியாப் போயிடும்.

இப்போ கடிதத்தில் ஒரே ஒரு மாற்றம். கடைசி வேலை நாள் ஜனவரி 30. சென்னையில் இறங்குறது பிப்ரவரி 2. பிப்ரவரியில் 27, மார்ச்சில் 31, மொத்தம் 58 நாள். 60க்குக் கீழே. அவர் நான்-ரெசிடென்ட். துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி பூஜ்யம். ஆறு நாள் தள்ளி இறங்கினதுக்கு 6.63 லட்சம்.

இறங்குற நாளையும் ஒரு நாளாகவே எண்ணிக்கோங்க. ராத்திரி ஃபிளைட் ஏறி விடியற்காலை மீனம்பாக்கத்தில் இறங்கினா, குடியேற்ற முத்திரையில் இருக்கிற தேதிதான் கணக்கு. அதே வருஷம் முன்னாடி லீவுக்கு வந்திருந்தா அந்த நாட்களையும் கூட்டணும். 2026 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் 2025 அமலுக்கு வந்தாலும் இந்த நாள் கணக்கு அப்படியேதான் தொடருது.

தேதிக்கு அடுத்து ரெண்டு விஷயம்.

ஒன்று, "நோட்டீஸ் காலத்தைத் தாம்பரத்திலிருந்தே வேலை பார்த்து முடிச்சுக்கறேன்" என்று கேட்கத் தோணும். இந்தியாவில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம், நீங்க நான்-ரெசிடென்டா இருந்தாலும், இந்தியாவில் சம்பாதிச்சதாகத்தான் சட்டம் பார்க்கும். அந்த நாட்களும் 60இல் சேரும். அதுக்குப் பதிலா, பாக்கி லீவை எடுத்துக்க முடியுமா, கடைசி நாளைத் தள்ள முடியுமா என்று கேளுங்க. அமீரகத்தில் நோட்டீஸ் 30 முதல் 90 நாள் வரை இருக்கலாம்.

இரண்டு, செட்டில்மென்ட் பணம் முதலில் துபாய் வங்கிக் கணக்கில் விழட்டும். நேரா இந்தியக் கணக்குக்கு அனுப்பச் சொன்னா, இந்தியாவில் பெற்ற வருமானம் என்ற கேள்வி வரும், அது நான்-ரெசிடென்டுக்கும் பொருந்தும். வேலை முடிஞ்ச 14 நாளுக்குள் கம்பெனி கொடுக்கணும். அதுவரை கணக்கை மூடாதீங்க. அங்கே கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தா வங்கி அந்தப் பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்பதால், அதை முன்னாடியே அடைச்சுடுங்க.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். சாராம்சம் இவ்வளவு போதும்:

"வயதான பெற்றோரைக் கவனிக்க வேண்டியிருப்பதால் பணியிலிருந்து விலகுகிறேன். என் கடைசி வேலை நாள் 30 ஜனவரி 2026. இறுதிச் சம்பளம், கிராஜுவிட்டி, எடுக்காத விடுப்புக்கான தொகை ஆகியவற்றை என் தற்போதைய சம்பளக் கணக்கிலேயே செலுத்தவும். பணி அனுபவச் சான்றும் இறுதிக் கணக்கு விவரமும் வழங்கவும்."

காரணத்தை மாத்தி எழுத வேண்டாம். தேதியை மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுங்க. அப்பா ஐ.சி.யு.வில் இருக்கார் என்றால் எந்தக் கணக்கும் வேண்டாம், அடுத்த ஃபிளைட்டைப் பிடிங்க. வரியை அப்புறம் கட்டிக்கலாம். ஆனா ஒரு வாரம் தள்ள முடியும் என்ற நிலைமை இருந்தா, அனுப்பு பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி கடைசி 4 வருஷ முத்திரைகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்க. அரை மணி நேர வேலைதான்.

ஊருக்கு வந்ததும் என்.ஆர்.இ. கணக்கை என்ன பண்ணணும் என்பதை அடுத்த வீடியோவில் சொல்றேன்.