ஓர் அறைக்கு எத்தனை ஹாலோ பிளாக்?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் மாடியில் அறை கட்டுபவர்கள் 16க்கு 8க்கு 6 அங்குல ஹாலோ பிளாக்கை வாங்கினால் கணக்கு இதுதான். கலவை இணைப்பையும் சேர்த்து 8 சதுர அடிக்கு 9 கல்.

சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு 12க்கு 10 அடி, உயரம் 10 அடி என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. 3க்கு 7 அடிக் கதவு 21, 4க்கு 4 அடி ஜன்னல் இரண்டு 32. இந்த 53ஐக் கழித்தால் 387. அதை 9ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 435 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டி 460 சொல்லுங்கள். அறையைச் சுற்றி 6 அங்குல லிண்டல் ஓடினால் 22 சதுர அடி குறையும். 25 கல் மிச்சம். பலர் மறப்பது இதைத்தான்.

ஒன்றுக்கு ஆறு கலவைக்கு 3 மூட்டை சிமெண்ட், சுமார் 22 கன அடி எம்-சாண்ட் போதும். இணைப்பு 10 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்தாலோ, கலவை கல்லின் குழிக்குள் விழுந்தாலோ நான்காவது மூட்டையைப் பிரிக்க வேண்டிவரும். பூச்சு வேலைக்கும், நிலை பதிக்கும் இடத்துக் குழிகளை நிரப்பும் கான்கிரீட்டுக்கும் சிமெண்ட் தனி.