ஏரிக் கணக்கும் உறைமுதுகுக் கணக்கும்



நீ முதன்முதலாக ஓர் ஏரியின் நீர்வரத்தைக் கணித்து அறிக்கை எழுதப் போவதாகத் தெரிவித்திருந்தாய். அதை மேலதிகாரியிடம் கொடுக்குமுன் ஒரு பழைய உறையின் முதுகில் நாலு வரி போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், உன் வயதில் நானே செய்த ஒரு பிழை.

இருபது சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒரே நாளில் நூறு மில்லிமீட்டர் மழை. அதில் கால் பங்கு ஓடி வரும் என்பது அனுமானம். என் கணக்கு, 175 மில்லியன் கன அடி நீர் ஏரிக்கு வந்து சேரும் என்றது. அறிக்கையைப் புரட்டிய மூத்த பொறியாளர் ஒருவர், "இவ்வளவு தண்ணீரும் நின்றால் ஏரியில் ஆழம் என்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஏரியின் நீர்ப்பரப்பு ஐம்பது ஹெக்டேர், அதாவது ஐந்து லட்சம் சதுர மீட்டர். ஒரு கன மீட்டருக்கு முப்பத்தைந்து கன அடி என்று வகுத்தால், என் நீர் ஐம்பது லட்சம் கன மீட்டர். ஆழம் பத்து மீட்டர்! கரையின் உயரமோ மூன்றரை மீட்டர்தான்.

பிறகுதான் மழையையே அளந்து பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்ற பிரமாணத்தின்படி, அந்தப் பகுதி முழுவதிலும் விழுந்த நீரே இருபது லட்சம் கன மீட்டர், எழுபது மில்லியன் கன அடி. வானம் பொழிந்ததைப்போல் இரண்டரை மடங்கு நீரை நான் ஏரிக்குள் கொண்டுவந்திருந்தேன்! மில்லிமீட்டரை மீட்டராக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் நூறால் வகுத்ததே தோஷம். சரியான விடை 17.5 மில்லியன் கன அடி. ஏரியில் ஒரு மீட்டர் ஆழம்.

அந்த 17.5-ஐ மில்லியன் கன அடிக்குப் பதிலாக டி.எம்.சி. என்று எழுதிவிடுவதும் நம் தொழிலில் எளிதில் நேரக்கூடியதே. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியை நினைவில் வைத்திருப்பவன், ஒரு கிராமத்து ஏரிக்கு ஏறக்குறைய ஐந்து செம்பரம்பாக்கம் வந்து சேர்வதைக் கண்ட மாத்திரத்தில் பேனாவை நிறுத்திவிடுவான்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இரு. விடையைப் பார்த்த பிறகு போடும் உறைக்கணக்கு, மனம் அந்த விடையை நோக்கியே சாய்வதால், பெரும்பாலும் அதையே ஆமோதிக்கும். ஆகையால் கணினியைத் திறக்குமுன் உன் உத்தேசத்தை எழுதி மடித்து வை. மேலும், இந்தச் சோதனை பத்து மடங்குப் பிழையைப் பிடிக்குமேயன்றி, ஓடிவரும் பங்கு காலா அரையா என்பதைத் தீர்மானிக்காது: அரையென்றாலும் ஆழம் இரண்டு மீட்டரே, கரைக்குள் அடங்கிவிடும். நிலத்தின் மண்ணையும் சரிவையும் பார்த்து, முந்தைய மழைகளில் கலிங்கு வழிந்த நாட்களை ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தே அதை நீ அறிய வேண்டியிருக்கும்.