ஊக்கத்தொகை அறிவித்தும் உற்பத்தி ஏறவில்லையா? பனியன் கம்பெனிகளுக்கு எதிர்பார்ப்புக் கோட்பாடு தரும் வழிமுறை

விக்டர் வ்ரூம் என்ற உளவியல் அறிஞர் 1964-இல் வெளியிட்ட நூலில் எதிர்பார்ப்புக் கோட்பாட்டை முன்வைத்தார். கூடுதலாக உழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மனிதர், தெரிந்தோ தெரியாமலோ மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார் என்பது அதன் சாரம். முயன்றால் இந்த வேலையை முடிக்க முடியுமா? முடித்தால் சொன்ன பலன் கிடைக்குமா? கிடைக்கும் பலன் தனக்கு வேண்டியதுதானா? இந்த மூன்று விடைகளும் ஒன்றோடொன்று பெருகியே ஊக்கம் பிறக்கிறது என்றார் வ்ரூம். பெருக்கலில் ஓர் எண் பூஜ்ஜியமானால் மொத்தமும் பூஜ்ஜியம். பரிசுத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது கைக்கு வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் உழைப்பு கூடாது.

திருப்பூரின் தையல் பிரிவுகளில் இதை நேராகப் பார்க்கலாம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று வரிசையாக நிற்கும் பவர் டேபிளில் சிலர் பீஸ் ரேட்டுக்கும் சிலர் ஷிப்ட் கூலிக்கும் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம் வருகிறது. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும்போது உற்பத்தி ஊக்கத்தொகை அறிவிக்கப்படுகிறது. முதல் வாரம் எண்ணிக்கை ஏறும், மூன்றாம் வாரம் பழைய இடத்துக்கே இறங்கும். அப்போது தொகையைக் கூட்டுவதுதான் வழக்கம். அதற்கு முன் மூன்று கேள்விகளில் எது அடிபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான படிகள் இவை.

படி 1: எங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்த்தல்

முதல் கேள்வி அடிபட்டிருந்தால் காலையில் வேகமாகத் தொடங்கும் லைன், ஒரு தடங்கல் வந்ததும் அப்படியே தளர்ந்துவிடும். கட்டிங்கிலிருந்து பீஸ் வராமல் ஒரு மணி நேரம் போய்விட்டால், அன்றைய இலக்கு இனி எட்டாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதன்பின் யாரும் விரைவதில்லை. மணிக்கொரு முறை எழுதும் உற்பத்திப் பலகையில் இந்தச் சரிவு தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் கேள்வி அடிபட்டதற்கான அடையாளம் வேறு. தினமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் லைன் நின்றுவிடும். டெய்லர்கள் தங்கள் பீஸ் கணக்கைத் தனி நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். சனிக்கிழமைதோறும் சம்பளத்தின்போது வாக்குவாதம் வரும். அதே ரேட் தரும் பக்கத்துக் கம்பெனிக்கு ஆட்கள் போவார்கள்.

மூன்றாம் கேள்வி அடிபட்டிருந்தால் சண்டையும் இருக்காது, ஆர்வமும் இருக்காது. பணம் சரியாக வரும். ஆனாலும் இலக்கைத் தொட்ட நாளும் தொடாத நாளும் ஒன்றுபோலவே கழியும்.

அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தால் நேரே கேட்டுவிடலாம். சூப்பர்வைசர் கேட்டால் அவருக்குப் பிடித்த பதிலே வரும் என்பதால் வேறொருவர் கேட்பது நல்லது. “இந்த ஸ்டைலில் பத்து நாளில் எத்தனை நாள் இலக்கைத் தொடலாம்?” என்பது முதல் கேள்வி. “நேற்று லைன் இலக்கைத் தொட்டிருந்தால் சனிக்கிழமை உங்களுக்கு எவ்வளவு கூடுதலாக வந்திருக்கும்?” என்பது இரண்டாவது. “அந்தப் பணமா, ஐந்தரைக்கு வீட்டுக்குப் போவதா, எது வேண்டும்?” என்பது மூன்றாவது. இரண்டாவதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகை சொன்னால், அல்லது சம்பளப் பட்டியலோடு அது ஒத்துப்போகாவிட்டால், பிழை அங்கேதான்.

படி 2: கணக்குப் போட்டுப் பார்த்தல்

ஓர் எடுத்துக்காட்டு: இருபது பேர் உள்ள ஒரு லைனில் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஓடுகிறது. ஒரு ஷிப்டில் 800 பீஸ் தாண்டினால் தலைக்கு 60 ரூபாய் என்று அறிவிப்பு. பீஸ் தாமதமாக வருவதால் பத்து நாளில் நான்கு நாள்தான் 800 எட்டும் என்று டெய்லர்கள் கருதுகிறார்கள். எட்டிய நாளிலும் செக்கிங்கில் ஆல்டர் பீஸ் என்று கழித்துவிடுவதால், இரண்டு தடவையில் ஒரு தடவைதான் பணம் வரும் என்று அனுபவம் சொல்கிறது. 0.4 × 0.5 × 60 என்று பெருக்கினால் 12 வருகிறது. நிர்வாகம் 60 ரூபாய் அறிவித்திருக்கிறது. தையல் மேசையில் இருப்பவர் மனதில் அது 12 ரூபாய். அதற்காக வேகமாகத் தைத்துக் கழுத்தும் தோளும் வலிக்க வைத்துக்கொள்ள அவர் தயங்குவது இயல்பு.

தொகையை 90 ஆக்கினால் மனக்கணக்கு 18 ஆகும். தொகையை 60-லேயே வைத்து, பீஸ் வரத்தைச் சீராக்கிப் பத்து நாளில் ஏழு நாள் இலக்கு எட்டும்படி செய்து, எட்டியபோதெல்லாம் தவறாமல் கொடுத்தால் 0.7 × 1 × 60, அதாவது 42 ஆகிறது. இந்த எண்கள் துல்லியமான அளவை அல்ல. எதை முதலில் சரிசெய்தால் பலன் அதிகம் என்று ஒப்பிடுவதற்கே இவை உதவும்.

படி 3: “முடியுமா” என்பதைச் சரிசெய்தல்

புது ஸ்டைல் ஏறிய முதல் சில நாட்களுக்குக் குறைந்த இலக்கு வைத்து, கை பழகப் பழக அதை உயர்த்த வேண்டும். முதல் நாளே முழு இலக்கு வைத்தால், அது எட்டாத இலக்கு என்ற எண்ணம் பதிந்துவிடும். டெய்லரின் கையில் இல்லாத தடங்கல்களைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். பீஸ் வராமலோ மின்சாரம் நின்றோ ஒரு மணி நேரம் போனால், எட்டு மணி நேரத்துக்கு 800 என்ற இலக்கு அன்று 700 ஆக வேண்டும். இந்த மாற்றத்தைத் தடங்கல் நேர்ந்த உடனேயே பலகையில் எழுதினால்தான் மீதி நேரத்தில் முயற்சி நிற்கும். மாலையில் சொல்வதால் பயனில்லை.

படி 4: “கிடைக்குமா” என்பதைச் சரிசெய்தல்

அதிகம் கெடுவது இந்த இடம்தான். பணம் வராமல் போவது ஒரு வகை. உழைத்தால் நஷ்டமே வரும் என்ற அச்சம் அதைவிடக் கடினமான இன்னொரு வகை. பீஸ் ரேட்டில் ஒரு டெய்லர் வேகமாகத் தைத்து நிறையச் சம்பாதித்தால், ‘ரேட் அதிகமாக வைத்துவிட்டோம்’ என்று அடுத்த ஆர்டரில் குறைத்துவிடுவார்கள் என்ற எண்ணம் பரவலானது. இதற்கும் வ்ரூமின் கோட்பாட்டில் இடம் உண்டு. உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இறங்கலாம் என்கிறது அது. அப்படி இறங்கும்போது நிதானமாகத் தைப்பதே அறிவுள்ள செயலாகிவிடுகிறது.

சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931–32-இல் 14 தொழிலாளர்களைக் கவனித்த ஆய்வு இதைப் பதிவு செய்தது. குழு உற்பத்தியைப் பொறுத்துக் கூலி இருந்தும், ஒரு நாளுக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டியவரைக் குழுவே அடக்கியது. தாண்டினால் ரேட் குறையும் அல்லது ஆட்குறைப்பு வரும் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது.

இதற்கு மருந்து மூன்று. ஒரு ஸ்டைலுக்கு வைத்த ரேட் அந்த ஆர்டர் முடியும்வரை மாறாது, இயந்திரமோ தைக்கும் முறையோ மாறினால் மட்டுமே மறுகணக்கு என்று எழுதி ஒட்ட வேண்டும். ஆல்டர் பீஸைக் கழிப்பதானால் அன்றே, உரியவர் கண்முன் எண்ணிக் காட்ட வேண்டும். வாரத்தின் ஊக்கத்தொகை அந்த வாரச் சனிக்கிழமையே, சம்பளத்திலிருந்து தனி வரியாகக் கையில் வர வேண்டும். அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் பணம், எந்த நாள் உழைப்புக்கு வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

பலன் தூரத்தில் இருந்து, அது பிறர் முடிவைச் சார்ந்தும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டமே சாட்சி. சுமார் மூன்று ஆண்டு வேலை முடித்தால் மொத்தத் தொகை தரப்படும் என்று இளம்பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். நோயாலோ வேறு காரணத்தாலோ இடையில் நின்றவர்கள் அந்தத் தொகையை இழந்ததை, நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. அன்றாடம் உழைத்துச் சேர்த்த கூலியின் ஒரு பகுதியே அங்கே பரிசு என்ற பெயரில் தள்ளிவைக்கப்பட்டது. அது ஊக்கத்தைத் தரவில்லை. வெளியேற முடியாத கட்டாயத்தையே தந்தது. உரிய கூலியை எந்தத் திட்டத்திலும் ஊக்கத்தொகையாக மாற்றக் கூடாது.

படி 5: “வேண்டுமா” என்பதைச் சரிசெய்தல்

ஒரே பலன் எல்லோருக்கும் ஒரே மதிப்பு உடையதல்ல. ஒன்றரை ஷிப்ட் பார்த்து இரவு எட்டரைக்கு வெளியேறும் தனியாளுக்குக் கூடுதல் பணம் பெரிது. பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் பெண்ணுக்கு, இலக்கு முடிந்த நாளில் அரை மணி முன்னதாகப் போவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர், ஊருக்குப் போகும் விடுப்பைச் சேர்த்து வாங்க விரும்பலாம். ஒரே செலவில் இரண்டு மூன்று தெரிவுகள் வைத்து, எதை எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே விடை கிடைக்கும்.

தீபாவளி போனஸை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 1965 போனஸ் சட்டம் வகுத்த 8.33 முதல் 20 சதவீத வரம்பை 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் தொடர்கிறது. போனஸுக்கு மதிப்பு மிக அதிகம். ஆனால் இன்று பத்துப் பீஸ் கூடுதலாகத் தைப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆட்களைத் தீபாவளி வரை நிறுத்தி வைக்க அது உதவும், அன்றாட வேகத்தைக் கூட்டாது.

படி 6: மாற்றத்தைச் சோதித்தல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒரு லைனில் மட்டும் மாற்ற வேண்டும். நான்கு வாரங்களுக்கு மணிவாரி உற்பத்தி, ஆல்டர் விகிதம், வருகை மூன்றையும் பக்கத்து லைனோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை ஏறி ஆல்டரும் ஏறினால், அவசரத்துக்குத்தான் பணம் கொடுக்கப்படுகிறது. முடிவில் படி 1-இன் இரண்டாம் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே தொகையைச் சொன்னால் நம்பிக்கை திரும்பியிருக்கிறது.

கோட்பாட்டின் எல்லைகள்

மூன்றையும் பெருக்கிய எண்ணைவிட ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பது குறைவான பயன் தருவதில்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வான் ஏர்டே, தியரி இருவரும் காட்டினார்கள். ஒரே மனிதர் இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கணிப்பதில் இந்தக் கோட்பாடு வலுவானது. இருவரில் யார் அதிகம் உழைப்பார் என்று கணிப்பதில் வலுக்குறைந்தது. ஆகவே சோம்பேறி யார் என்று பிரிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பவருக்கே இது பொருந்தும். கான்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கி, அது தீராமல் வேறிடம் போக முடியாதவர் மெதுவாகத் தைத்தால் அதற்குக் காரணம் ஊக்கத்தொகையில் இல்லை, கடனில் இருக்கிறது.