டிரான்ஸ்ஃபார்மர் மேல் பழி போடாதீர்கள்

அமெரிக்கா, கனடா வீடுகளில் காலிங் பெல் விடாமல் உறுமினாலோ, யாரும் தொடாமல் அடித்தாலோ, வருகிற ஆள் நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கி டிரான்ஸ்ஃபார்மரை மாற்றப் பார்க்கிறார். காசு வீணாவது அங்கேதான் என்பது என் கட்சி. அந்தச் சின்னப் பெட்டியின் வேலை 120 வோல்ட்டை 16 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது, அவ்வளவுதான். அங்கிருந்து பெல்லுக்குப் போகும் பாதை வாசல் பட்டனில் அறுந்து நிற்கிறது. பட்டன் அதைச் சேர்த்தால்தான் கரன்ட் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் கெட்டால் கரன்ட் குறையும், இல்லை நின்றுபோகும். திறந்து கிடக்கிற பாதையை அது மூடி வைக்காது. ஆகவே தானாக அடிக்கிற பெல்லுக்குப் பட்டனையும் அதன் ஒயரையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காதைத் தீட்டிக்கொண்டாலே பாதி தெரிந்துவிடும். பட்டனை அழுத்தியதும் காயிலுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு பாய்ந்து ஒரு தகட்டில் ‘டிங்’ என்று மோதும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ள, மறு தகட்டில் ‘டாங்’. ‘டிங்’ மட்டும் கேட்டு உறுமல் தொடர்ந்தால், தண்டு இன்னும் இழுபட்டே நிற்கிறது, அதாவது பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறது. விளக்குள்ள பட்டனாக இருந்தால் அந்த நேரத்தில் விளக்கும் அணைந்திருக்கும். மாறாக, அழுத்தும்போது மட்டும் தகட்டைத் தொடாமல் மெலிதாக முனகினால், டிரான்ஸ்ஃபார்மர் தளர்ந்திருக்கலாம், தண்டில் அழுக்கும் ஏறியிருக்கலாம். முடிவு கட்ட, பட்டனைக் கழற்றி ஒரு ஒயரை விடுவியுங்கள். 16 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. உறுமல் நின்றால் குற்றவாளி பட்டன். நிற்காவிட்டால் சுவருக்குள் எங்கோ ஸ்டேப்பிள் குத்தி இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கக்கூடும். நின்ற பிறகு இரு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று ஒரு நொடி தொடவைத்து எடுங்கள்: ‘டிங் டாங்’ கணீரென்று கேட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்றுமில்லை.

“மாற்றியதும் சரியாகிவிட்டதே?” என்பார்கள். மழையிலும் பனியிலும் ஒட்டிக்கொண்ட பட்டன் காய்ந்ததும் தானே விடும். பெயர் வாங்குவது புது டிரான்ஸ்ஃபார்மர். இன்னொரு வாதத்தில் நியாயம் உண்டு: பட்டன் நாள்கணக்கில் சிக்கியிருந்தால் காயிலும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறிக் கெடலாம். அப்படியானால் பட்டன் ஒயர் விடுபட்ட நிலையில் டிரான்ஸ்ஃபார்மரின் 16 வோல்ட் திருகுகளில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். பதினாறோ சற்றுக் கூடவோ காட்டி, ஒயர்களைச் சேர்த்ததும் பாதிக்குக் கீழே விழுந்தால் டிரான்ஸ்ஃபார்மரையோ காயிலையோ மாற்றத்தான் வேண்டும். மாற்றும் வேலையைப் பிரேக்கரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் 120 வோல்ட். பட்டனையும் கையோடு மாற்றாவிட்டால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். கேமரா பெல்லும் எலக்ட்ரானிக் பெல்லும் மட்டும் விதிவிலக்கு: கரன்ட் தடுமாறினால் அவை தாமாகவும் ஒலிக்கலாம். பழைய 10 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் கேமரா பெல்லை மாட்டியிருந்தால், முதல் சந்தேகம் பேஸ்மென்ட்டுக்கே போகட்டும்.