கந்தாடை என்னும் திருநாமமும் வம்ச வ்ருக்ஷமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கடல் கடந்து வாழும் பாகவதர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு நீண்ட தாளைக் கொடுத்தார். மேலே முதலியாண்டான் திருநாமம், கீழே அன்பருடைய பேரனின் பெயர், இடையில் பதினோரு பெயர்கள். பேரனின் உபநயனத்தன்று இதை அச்சிட்டு வந்தோர்க்கெல்லாம் வழங்க வேண்டும் என்பது அவர் ஆசை. “தேவரீர் ஒருமுறை கடாக்ஷித்து, பிழை இருந்தால் சொல்ல வேண்டும்” என்றார். அவர் குடும்பத்தார் மூன்று நான்கு தலைமுறைகளாகத் தம் பெயருக்கு முன் ‘கந்தாடை’ என்று இட்டுக்கொள்பவர்கள். ஆகவே ஆண்டான் வம்சத்தவர் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

நாம் முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் இருந்தவர்கள். வீட்டின் மேல் கடன் கேட்டு வருபவரிடம் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்டே பழகிய கை. இன்று வீட்டில் குடியிருப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்கி, அவருக்கு விற்றவர் யார், விற்றவருக்கு அது எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போவோமே தவிர, முதல் உரிமையாளரிடமிருந்து கீழே இறங்கி வரமாட்டோம். வம்ச வ்ருக்ஷத்திலும் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான். புகழ்பெற்ற மஹான் ஒருவரை உச்சியில் வைத்துக்கொண்டு கீழ்நோக்கி எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் எந்தக் கிளையும் நம் வீட்டு வாசலில் வந்து சேர்ந்துவிடும்.

முதலில் கணக்கைப் பார்த்தோம். ஸம்ப்ரதாயக் கணக்குப்படி எம்பெருமானார் திருவவதாரம் 1017ஆம் ஆண்டு. ஆண்டான் அவருக்குச் சில ஆண்டுகள் இளையவர். அங்கிருந்து இன்றுவரை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள். தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று தாராளமாக வைத்தாலும் முப்பத்துமூன்று பெயர்கள் வேண்டும். தாளில் ஆண்டானையும் பேரனையும் சேர்த்துப் பதின்மூன்று பெயர்களே இருந்தன. இருபது தலைமுறைகள் காணவில்லை என்பதனால் பட்டியல் பொய் என்று ஆகிவிடாது. பெரியோர்களை மட்டும் நினைவில் வைத்து நடுவிலுள்ளவர்களை விட்டுவிடுவது எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. ஆனால் ‘இவர் குமாரர் இவர்’ என்று இடைவெளியின்றிக் கோடு போட்டிருந்தது தவறு என்பது மட்டும் அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்து கோத்ரம். ஆண்டான் வாதூல கோத்ரத்தவர். அன்பரோ தம்மை ஸ்ரீவத்ஸ கோத்ரம் என்றார். இங்கே நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். கோத்ரம் ஒன்றாயிருப்பது உறவை நிலைநாட்டாது. எம்பெருமானாரும் ஹாரீத கோத்ரம், கூரத்தாழ்வானும் ஹாரீத கோத்ரம். அதனால் ஆழ்வானை உடையவர் குடும்பத்தவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆண்டானோ உடையவரின் ஸஹோதரி குமாரர், நெருங்கிய ரத்த பந்து. ஆயினும் கோத்ரம் வேறு. கோத்ரம் தந்தை வழியில் மட்டும் செல்வது ஆதலால், தந்தை வழி வம்சம் என்று ஒருவர் சொல்லும்போது கோத்ரம் மாறியிருந்தால் அதை மறுக்க உதவும். நிலைநாட்ட உதவாது.

இதற்கு ஒரே விலக்கு ஸ்வீகாரம். வாதூல குலத்துப் பிள்ளை ஒருவர் ஸ்ரீவத்ஸ குடும்பத்துக்குத் தத்தாகப் போயிருந்தால், அவர் சந்ததிக்கு ஸ்ரீவத்ஸ கோத்ரமே வரும்; ரத்தம் மட்டும் ஆண்டானுடையதாக இருக்கும். அன்பர் இதை உடனே பிடித்துக்கொண்டார். “அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் ஸ்வாமி” என்றார். இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தத்துப் போனவர் பிறந்த கோத்ரத்திலும் பெண் எடுக்கக்கூடாது, புகுந்த கோத்ரத்திலும் எடுக்கக்கூடாது. தத்து நடந்தது நினைவில் இருக்கும்வரை அந்தக் குடும்பம் இரண்டையும் விலக்கியே வரும். ஆகவே அந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் எந்தக் கோத்ரத்தில் பிறந்தவர்கள் என்று பார்க்க வேண்டும்.

அதை எங்கே தேடுவது? அமாவாசைதோறும் அன்பர் வாயாலேயே அதைச் சொல்லி வருகிறார். தர்ப்பணத்தில் பித்ரு வர்க்கத்துக்குப் பின் மாதாமஹ வர்க்கம் வருகிறது. அதில் தாயின் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் மூவரையும் அவர்கள் கோத்ரத்தோடு சொல்கிறோம். “சென்ற அமாவாசையில் மாதாமஹருக்கு என்ன கோத்ரம் சொன்னீர்?” என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வாதூலம்” என்றார்.

தகப்பனார் வாதூல கோத்ரத்தில் பெண் எடுத்திருக்கிறார். அன்பருக்கு எண்பத்தெட்டு வயதில் பெரியப்பா குமாரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மாதாமஹ கோத்ரமும் வாதூலமே. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் வாதூலத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்றால், அந்த வீட்டார் தங்களை வாதூல குலத்தவராக அப்போது எண்ணவில்லை என்பது தெளிவு. வெகுகாலத்துக்கு முன் நடந்து மறந்துபோன தத்து ஒன்று இருந்திருக்கக்கூடாதா என்றால், இருந்திருக்கலாம். ஆனால் மறந்துபோன ஒன்றை வைத்து வ்ருக்ஷத்தில் கோடு போட முடியாது.

பிறகு இனாம் பதிவேட்டுக்குப் போனோம். சென்னை ராஜதானியில் 1858இல் இனாம் கமிஷன் ஏற்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராக மானிய நிலங்களை விசாரித்து எழுதினார்கள். மானியம் கொடுத்தவர் யார், முதலில் பெற்றவர் யார், விசாரணையின்போது அநுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, மூல மானியதாரருக்கு என்ன உறவு என்பதெல்லாம் கட்டம் கட்டமாக அதில் இருக்கும். ஆண்டுகள் பசலியில் இருந்தால் 590 கூட்டிக்கொள்ள வேண்டும். பசலி 1270 என்பது 1860-61. உறவு என்ற கட்டத்தைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. விசாரணைக்கு வந்தவர் வாயால் சொன்னதைத்தான் குமாஸ்தா பெரும்பாலும் எழுதியிருப்பார். நிலம் கைவிட்டுப் போகாதிருக்க, தமையன் பேரனைச் சொந்தப் பேரன் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். பெயர், வயது இவற்றுக்கு உள்ள நம்பகம் உறவுக்கு இல்லை.

பெரியவர் தர்ப்பணத்தில் சொல்லும் ப்ரபிதாமஹரின் தகப்பனார் பெயர், அன்பரின் பூர்விக ஊர்ப் பதிவேட்டில் நாற்பத்தாறு வயதினராகக் கிடைத்தது. பட்டவ்ருத்தி மானியம். ஆனால் அவர் பெயரிலோ, மூல மானியதாரர் பெயரிலோ ‘கந்தாடை’ இல்லை. அடுத்த தலைமுறையினர் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் ஒன்றில்தான் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அந்தத் தலைமுறையில்தான் குடும்பம் கந்தாடை திருமாளிகை ஒன்றில் ஸமாச்ரயணம் பெற்றுக்கொண்டது என்று பெரியவர் கர்ண பரம்பரையாகக் கேட்டிருக்கிறார்.

ஆசார்யனுடைய குலப்பெயரைச் சிஷ்யர் தரித்துக்கொள்வது புதிதன்று. திருமலை திருப்பதிக் கல்வெட்டுகளைப் பயின்றவர்களுக்குக் கந்தாடை ராமாநுஜ ஐயங்கார் என்ற திருநாமம் நன்கு தெரியும். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சாளுவ நரசிம்மர் ஏற்படுத்திய ராமாநுஜ கூடங்களுக்குக் கர்த்தராயிருந்து, பல கட்டளைகளை நிறுவியவர் அவர். பெயரைப் பார்த்தவுடன் ஆண்டான் சந்ததி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் கோயிலொழுகு அவரை அரச குடும்பத்தவராக, சாளுவ நரசிம்மரின் தமையனாராக, கோயில் கந்தாடை அண்ணன் திருவடிகளை ஆச்ரயித்தவராகச் சொல்கிறது. அண்ணனோ தேவராஜ தோழப்பரின் திருக்குமாரர், ஆண்டான் வம்சத்தில் அவதரித்தவர், மணவாள மாமுனிகளின் அஷ்டதிக்கஜங்களில் ஒருவர். அங்கே ‘கந்தாடை’ பிறப்பால் வந்தது. ராமாநுஜ ஐயங்காருக்குத் திருவடி ஸம்பந்தத்தால் வந்தது. அவருக்குப் பின் கல்வெட்டில் வரும் கந்தாடை மாதவ ஐயங்காரும் அவருடைய சிஷ்யராகவே குறிக்கப்படுகிறார். கோயிலொழுகு பல காலங்களில் பல கைகளால் எழுதப்பட்டது; அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் கல்வெட்டுக்குச் சமமாகக் கொள்ள நாம் துணியோம். ஆயினும் ‘கந்தாடை’ என்ற ஒரு சொல்லை மட்டும் கொண்டு இவர்களை ஒரே மரத்தின் கிளைகளாக வரைந்தால், குரு பரம்பரையை ரத்த பரம்பரையாக மாற்றி எழுதியவர்களாவோம்.

ஆகவே கோயில் ஏடுகளில் ஒரு பெயரைக் கண்டால், ‘இன்னார் குமாரர்’ என்றிருக்கிறதா, ‘இன்னார் சிஷ்யர்’ என்றிருக்கிறதா, ‘இன்னார் திருவம்சம்’ என்று பொதுவாக இருக்கிறதா என்று பிரித்துக் குறித்துக்கொள்கிறோம். மூன்றாவதுதான் தொல்லை. கோத்ரமும் சூத்ரமும் தகப்பனார் பெயரும் உடன் இருந்தால் அது நமக்குப் பெரும் லாபம். கல்வெட்டில் தானம் செய்தவரைப் பலமுறை அப்படித்தான் குறித்திருக்கிறார்கள். தீர்த்த மரியாதைப் பட்டியல்களை மிகவும் தயங்கியே எடுத்துக்கொள்கிறோம். மரியாதைக்கு வழக்கு நடந்த இடங்களில் வம்சாவளிகள் வழக்குக்கென்றே நீண்டு வளர்ந்தவை.

இவ்வளவையும் அன்பருக்கு எழுதினோம். எழுதும்போது கை கூசியது என்பதை மறைப்பானேன். அவர் திருத்தகப்பனார் காலந்தொட்டு நம்பி வந்த ஒன்று அது. பத்து நாள் பதில் இல்லை. பிறகு தொலைபேசியில் அழைத்து, உபநயனத் தாளில் பூர்விக ஊர் இனாம்தாரிலிருந்து பேரன்வரை ஏழு தலைமுறைகளை மட்டும் கோடிட்டு அச்சிடப்போவதாகச் சொன்னார். அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டு, ‘கந்தாடை திருமாளிகை சிஷ்யர்கள்’ என்று இருக்குமாம்.

வைக்கும் முன் இன்னொன்று கேட்டார். “அம்மாவின் பிறந்தகம் வாதூலம் என்றால், அவர்கள் ஆண்டான் வம்சமாக இருக்கலாமே? அப்படியானால் அடியேன் தௌஹித்ர வழியில் வந்தவன்தானே?” கோத்ரம் பொருந்துவது மட்டும் போதாது என்று முன்பு சொன்னதையே திரும்பவும் சொன்னோம். ஆனால் கேள்வி நியாயமானது. அவருடைய மாதாமஹரின் ஊர்ப் பெயரை வாங்கிக்கொண்டு, அவ்வூர் இனாம் பதிவேட்டு நகலுக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறோம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்